இருபதாவது எழுத்து

மனிதனின் பதினோராவது குரோமோசோமில் பீட்டா குளோபின் என்றொரு மரபணு இருக்கிறது. நம் சிவப்பணுக்களில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபின், இரண்டு ஆல்பா சங்கிலிகளும் இரண்டு பீட்டா சங்கிலிகளும் சேர்ந்து உருண்ட புரதம். அதில் பீட்டா சங்கிலியை எப்படிக் கோக்க வேண்டும் என்ற விவரம் இந்த மரபணுவில் இருக்கிறது. புரதமாக மொழிபெயர்க்கப்படும் பகுதி மட்டும் 444 எழுத்துகள். அது தொடங்கும் விதம் இது:

```
ATG GTG CAT CTG ACT CCT GAG GAG AAG TCT GCC GTT ...
```

இடைவெளிகள் நம் வசதிக்காக நான் போட்டவை. டி.என்.ஏ.வில் அப்படி எதுவும் கிடையாது. A, T, G, C என்ற நான்கு எழுத்துகள் ஒட்டிக்கொண்டே ஓடுகின்றன. ரைபோசோம் என்ற செல்லின் புரத ஆலை, இந்த மரபணுவின் ஆர்.என்.ஏ. நகலைக் கையில் வாங்கி, ATG என்ற இடத்தில் தொடங்கி, மூன்று மூன்றாகப் படித்துக்கொண்டு போகிறது. ஒவ்வொரு மூன்றெழுத்துக்கும் ஒரு அமினோ அமிலம். CAT என்றால் ஹிஸ்டிடின், CCT என்றால் புரோலின், GAG என்றால் குளூட்டமிக் அமிலம். TAA, TAG, TGA ஆகிய மூன்றில் ஏதாவது ஒன்று வந்தால் வேலை முடிந்தது, சங்கிலியை விட்டுவிடலாம் என்று பொருள். தொடக்கத்தில் ATG கொண்டுவந்த மெத்தியோனின் பிறகு வெட்டப்பட்டுவிடும். ஆகவே வாலின் முதல் அமினோ அமிலமாகிறது. முதல் GAG தரும் குளூட்டமிக் அமிலம் ஆறாவது. மொத்தச் சங்கிலியின் நீளம் 146.

இப்போது ATGயின் A-யிலிருந்து ஒவ்வொரு எழுத்தாக எண்ணிக்கொண்டு வாருங்கள். இருபதாவதாக வருவது, அந்த முதல் GAGயின் நடுவே உள்ள A. இந்த ஒரே எழுத்து மாறிப்போனவர்களும் உலகில் இருக்கிறார்கள், இதே எழுத்து காணாமல் போனவர்களும் இருக்கிறார்கள். இரண்டுமே ஓரெழுத்துப் பிழைதான். ஆனால் இரண்டும் இரண்டு வேறு நோய்கள்.

முதலில் மாறிப்போனதைப் பார்ப்போம். A இருக்க வேண்டிய இடத்தில் T வந்தால் GAG என்பது GTG ஆகிறது. குளூட்டமிக் அமிலத்துக்குப் பதில் வாலின் வருகிறது. மற்ற 145 அமினோ அமிலங்களும் அப்படியே இருக்கின்றன. சங்கிலி முழு நீளத்துக்கு உருவாகிறது, சரியாக மடிகிறது, ஆல்பாவுடன் சேர்கிறது, நுரையீரலில் ஆக்சிஜனை வாங்கிக்கொள்கிறது. இவ்வளவும் குறையில்லாமல் நடக்கின்றன. கோளாறு ஆக்சிஜனைக் கொடுத்த பிறகுதான் தொடங்குகிறது.

குளூட்டமிக் அமிலம் எதிர்மின்னூட்டம் கொண்டது, நீரோடு ஒத்துப்போவது. வாலின் எண்ணெய்ப் பசையுள்ள சாதி, நீரைக் கண்டால் ஒதுங்கும். ஆறாவது இடம் புரத உருண்டையின் வெளிப்புறத்தில் இருப்பதால் இந்த வாலின் வெளியே துருத்திக்கொண்டு நிற்கிறது. ஹீமோகுளோபின் ஆக்சிஜனை இறக்கிவிட்டதும் அதன் வடிவம் சற்று மாறும். அப்போது பீட்டா சங்கிலியில் 85, 88 ஆகிய இடங்களில் உள்ள அமினோ அமிலங்களை ஒட்டி ஒரு சிறு குழி தோன்றுகிறது. அதுவும் நீரை வெறுக்கும் குழி. ஒரு மூலக்கூறின் வாலின் அடுத்த மூலக்கூறின் குழிக்குள் போய் அமர்ந்துகொள்கிறது. அதன்மேல் இன்னொன்று, அதன்மேல் இன்னொன்று என்று சேர்ந்து 14 இழைகள் முறுக்கிய கயிறாகிறது. ஒரு சிவப்பணுவுக்குள் ஏறத்தாழ 27 கோடி ஹீமோகுளோபின் மூலக்கூறுகள் நெருக்கியடித்துக்கொண்டு இருப்பதால் கயிறு திரிக்கச் சரக்குக்குப் பஞ்சமில்லை. கயிறுகள் உள்ளிருந்து தள்ள, வட்டமான அணு அரிவாள் போல் வளைகிறது. அரிவாள் செல் சோகை என்ற பெயர் இதனால் வந்தது.

இதில் நேரக் கணக்கு ஒன்று இருக்கிறது. ஆக்சிஜனை இறக்கியவுடனே கயிறு உருவாவதில்லை. சிறிது தாமதம் உண்டு. அதற்குள் அணு நுண்குழாயைக் கடந்து மீண்டும் நுரையீரலை நோக்கிப் போய்விட்டால் தப்பித்தது. இந்தத் தாமதம் அணுவுக்குள் ஹீமோகுளோபின் எவ்வளவு செறிவாக இருக்கிறது என்பதைப் பொறுத்தது. செறிவு கொஞ்சம் கூடினாலே தாமதம் பல மடங்கு சுருங்கிவிடும். உடலில் நீர் வற்றினால் அணுவும் வற்றுகிறது, உள்ளே செறிவு ஏறுகிறது. நோயாளிகளிடம் தண்ணீர் நிறையக் குடியுங்கள் என்று மருத்துவர்கள் விடாமல் சொல்வதன் காரணம் இதுதான். பெற்றோரில் ஒருவரிடமிருந்து மட்டும் இந்தப் பிழையைப் பெற்றவருக்கு அணுவுக்குள் பாதிக்குமேல் நல்ல ஹீமோகுளோபின் இருப்பதால் தாமதம் நீண்டுவிடுகிறது. பெரும்பாலும் அவருக்குத் தொந்தரவே தெரியாது.

இந்த ஒற்றை மாற்றத்தை முதலில் கண்டுபிடித்தவர் டி.என்.ஏ.வைப் படிக்கவில்லை. அந்தக் காலத்தில் அதைப் படிக்க வழியே இல்லை. 1949-ல் அமெரிக்காவில் லைனஸ் பாலிங்கும் உடன் உழைத்தவர்களும், நோயாளியின் ஹீமோகுளோபின் மின்புலத்தில் வேறு வேகத்தில் நகர்கிறது என்று காட்டியிருந்தார்கள். மின்னூட்டத்தில் ஏதோ வித்தியாசம் இருக்கிறது என்பது தெரிந்தது. எங்கே என்பது தெரியவில்லை. கேம்பிரிட்ஜில் வெர்னன் இங்கிராம் டிரிப்சின் என்ற செரிமான நொதியை எடுத்துக்கொண்டார். லைசின், ஆர்ஜினின் ஆகிய இரண்டு அமினோ அமிலங்களை அடுத்து மட்டுமே வெட்டும் கட்டுப்பாடான நொதி அது. வெட்டி வந்த துண்டுகளை ஒரு காகிதத்தில் வைத்து, ஒரு திசையில் மின்சாரத்தாலும் குறுக்குத் திசையில் கரைப்பானாலும் நகர்த்தினார். சாயம் தெளித்ததும் காகிதத்தில் முப்பது வாக்கில் புள்ளிகள் தெரிந்தன. நல்ல ஹீமோகுளோபினின் காகிதத்தையும் அரிவாள் ஹீமோகுளோபினின் காகிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோது ஒரே ஒரு புள்ளிதான் இடம் மாறியிருந்தது. சங்கிலியின் தொடக்கத்தில் உள்ள எட்டு அமினோ அமிலத் துண்டு அது. மேலே கொடுத்த வரிசையில் GTGயில் தொடங்கி AAG வரை உள்ள எட்டு. AAG லைசினைக் குறிப்பதால் நொதி அங்கே வெட்டியிருக்கிறது. 1957-க்குள் குளூட்டமிக் அமிலத்தின் இடத்தில் வாலின் என்று சொல்லிவிட்டார். மரபணுவில் ஏற்படும் பிழை புரதத்தில் ஒரே ஒரு அமினோ அமிலத்தை மாற்றக்கூடும் என்பதற்குக் கிடைத்த முதல் நேரடிச் சான்று அந்தக் காகிதம்தான்.

எழுத்து மாறினாலே ஆபத்து என்று இதிலிருந்து முடிவுகட்டிவிட முடியாது. இருபதாவது எழுத்துக்கு முன்னால் உள்ள G, A ஆக மாறினால் AAG வருகிறது; அது லைசின். மேற்கு ஆப்பிரிக்காவில் பரவலாக உள்ள ஹீமோகுளோபின் சி இதுதான். லைசினுக்கு அந்தக் குழியில் அமரப் பிடிக்காது, ஆகவே அணுக்கள் அரிவாளாவதில்லை. இலேசான சோகையோடு போய்விடும். அதே மூன்றெழுத்தில் கடைசி G, A ஆக மாறினால் GAA. அதுவும் குளூட்டமிக் அமிலத்தையே குறிக்கும். புரதத்தில் ஒரு மாற்றமும் இருக்காது. முதல் G, T ஆக மாறினால் TAG. ரைபோசோம் ஐந்து அமினோ அமிலங்களோடு வேலையை நிறுத்திவிடும். மூன்றே எழுத்துகளுக்குள் இத்தனை விதி. எழுத்து மாறும் பிழையில் எந்த எழுத்து, எதுவாக மாறியது என்பதைப் பார்க்காமல் ஒன்றும் சொல்ல முடியாது.

இனி, அதே A காணாமல் போனால் என்ன ஆகும்? மத்தியதரைக் கடல் நாடுகளில் இந்தப் பிழை உள்ளவர்கள் இருக்கிறார்கள். ஓரெழுத்து போனால் ஓர் அமினோ அமிலம்தானே போகும் என்று தோன்றலாம். ரைபோசோமுக்கு எழுத்து விடுபட்டது தெரியாது. மூன்று எடு, படி, அடுத்த மூன்று எடு என்பதே அதற்குத் தெரிந்த ஒரே முறை. விடுபட்ட இடத்தை நிரப்ப அடுத்ததிலிருந்து ஓரெழுத்தை இழுத்துக்கொள்கிறது, அதற்கடுத்தது தன் அடுத்ததிலிருந்து இழுக்கிறது. அங்கிருந்து கடைசிவரை எல்லாம் ஓரிடம் நகர்ந்துவிடுகிறது:

```
இயல்பு : CCT GAG GAG AAG TCT GCC GTT ACT GCC CTG TGG GGC AAG GTG AAC
A போனது: CCT GGG AGA AGT CTG CCG TTA CTG CCC TGT GGG GCA AGG TGA
```

இரண்டாவது வரியைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். ஒரே எழுத்துகள்தான், வேறு எங்கும் கை வைக்கவில்லை. ஆனால் GGG முதல் வருவதெல்லாம் வேறு அமினோ அமிலங்கள்: கிளைசின், ஆர்ஜினின், செரின், லியூசின் என்று பீட்டா குளோபினுக்குச் சம்பந்தமில்லாத ஒரு வரிசை. அது கூட நீள்வதில்லை. பன்னிரண்டு அந்நிய அமினோ அமிலங்களுக்குப் பிறகு TGA வந்து நிற்கிறது. இயல்பான வரியில் அந்த எழுத்துகள் AAG GTG AAC என்பதில் இரண்டு மூன்றெழுத்துகளுக்கு நடுவே பிரிந்து கிடந்தன. யாரும் அதை 'நிறுத்து' என்று படிக்கவில்லை. இப்போது சட்டகம் நகர்ந்ததும் அவை ஒன்றாகச் சேர்ந்துவிட்டன. இது அதிசயமல்ல. 64 மூன்றெழுத்துகளில் 3 நிறுத்தக் குறிகள். தாறுமாறாகப் படித்துக்கொண்டு போனால் சராசரியாக இருபது, இருபத்தோரு இடத்துக்குள் ஒன்றில் இடித்துக்கொள்ளத்தான் வேண்டும்.

146-க்குப் பதில் 17 அமினோ அமிலம் உள்ள ஒரு துண்டு. செல்லில் இந்தக் குப்பை குவிந்துகிடக்கும் என்றுதான் எதிர்பார்ப்போம். செல் அதற்கும் இடம் கொடுப்பதில்லை. பீட்டா குளோபின் மரபணு மூன்று துண்டுகளாக எழுதப்பட்டிருக்கிறது. நடுவே உள்ளவை வெட்டப்பட்டு மூன்றும் ஆர்.என்.ஏ.வில் ஒட்டப்படுகின்றன. ஒட்டிய ஒவ்வோர் இடத்தின் அருகிலும் செல் ஒரு புரத அடையாளத்தை வைத்துவிடுகிறது. முதல் தடவை படித்துக்கொண்டு போகும் ரைபோசோம் வழியில் உள்ள அடையாளங்களைத் தட்டிவிட்டுச் செல்லும். கடைசிவரை போனால் எதுவும் மிஞ்சாது. பாதியில் நின்றுவிட்டால் மீதி அடையாளங்கள் அப்படியே நிற்கும். அதைக் கண்டதும் செல் பெரும்பாலும் அந்த ஆர்.என்.ஏ.வையே சிதைத்துவிடுகிறது. ஆகவே A போன மரபணு தவறான புரதம் செய்வதில்லை. அநேகமாக எந்தப் புரதத்தையும் செய்வதில்லை.

ஒரு பிரதி இப்படிப் போனால் மற்றது ஓரளவு சமாளித்துக்கொள்ளும். சிவப்பணுக்கள் சிறுத்துப்போவதோடு சரி. இரண்டு பிரதியும் போனால் பீட்டா தலசீமியா மேஜர். அப்போது வெறும் பற்றாக்குறையோடு விஷயம் முடிவதில்லை. ஆல்பா சங்கிலிகள் வழக்கம்போல் உற்பத்தியாகிக்கொண்டே இருக்கின்றன. ஜோடி கிடைக்காத ஆல்பா செல்லுக்குள் படிந்து, முதிரும் முன்பே சிவப்பணுவை எலும்பு மஜ்ஜையிலேயே கொன்றுவிடுகிறது. பிறக்கும்போது குழந்தை நன்றாகத்தான் இருக்கும், ஏனென்றால் கருவில் பீட்டாவுக்குப் பதில் காமா சங்கிலி வேலை செய்கிறது. அது ஓய்ந்து பீட்டாவின் முறை வரும் மாதங்களில்தான் குழந்தை வெளுக்கத் தொடங்கும். பிறகு இரத்தம் ஏற்றிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும்.

செருகல், நீக்கத்தின் மறுபக்கம். இந்தியாவில் பீட்டா தலசீமியாவுக்குக் காரணமான முக்கியப் பிழைகளில் ஒன்று, நாம் பார்த்துக்கொண்டிருக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. எட்டாவது அமினோ அமிலத்தைக் குறிக்கும் AAGக்கும் ஒன்பதாவதைக் குறிக்கும் TCTக்கும் நடுவே ஒரு G கூடுதலாக நுழைந்துவிடுகிறது. அதன்பின் AAG GTC TGC CGT TAC என்று வரிசை மறுபக்கம் நகர்கிறது. பதின்மூன்று அந்நிய அமினோ அமிலங்களுக்குப் பிறகு GGAவை அடுத்து TGA வந்து நிற்கிறது. முன்பு பார்த்த நீக்கத்திலிருந்து வழி வேறு, போய்ச்சேரும் இடம் ஒன்றே.

இங்கே ஒரு காகித விளையாட்டு. அந்த A போனதும் இந்த G நுழைந்ததும் ஒரே மரபணுவில் நடந்தால்? எழுதிப் பாருங்கள்: CCT GGG AGA AGG TCT GCC. TCT-யில் சட்டகம் பழையபடி பொருந்திவிட்டது. மூன்று அமினோ அமிலங்கள் மட்டுமே மாறியிருக்கின்றன, மற்றதெல்லாம் பீட்டா குளோபின்தான். ஒரு பிழையை இன்னொரு பிழை சரிக்கட்டுகிறது. 1961-ல் பிரான்சிஸ் கிரிக்கும் சிட்னி பிரென்னரும் கேம்பிரிட்ஜில் இதையே பாக்டீரியாவைத் தாக்கும் T4 வைரஸில் செய்து பார்த்தார்கள். கூட்டல் பிழையையும் கழித்தல் பிழையையும் சேர்த்தால் மரபணு மீண்டும் வேலை செய்தது. மூன்று கூட்டல்களைச் சேர்த்தாலும் வேலை செய்தது. இரண்டு கூட்டல்களில் செய்யவில்லை. மரபுக் குறிப்பு மூன்று மூன்றாகப் படிக்கப்படுகிறது என்பதை, ஒரு சொல்லின் பொருளும் தெரியாமலே அவர்கள் நிறுவியது இப்படித்தான்.

மூன்று என்ற எண்ணின் சலுகையை மனிதரிலும் பார்க்கலாம். 1968-ல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் விவரித்த ஹீமோகுளோபின் லெய்டனில், அதே ஆறு, ஏழாம் இடங்களில் உள்ள இரண்டு GAGகளில் ஒன்று முழுதாக இல்லை. எது போனது என்று கேட்டால் பதில் கிடையாது; இரண்டும் ஒன்றுபோல் இருப்பதால் எது போனாலும் மிச்சம் ஒன்றே. ஓரெழுத்து போனதற்கு இத்தனை பாடு, மூன்றெழுத்து போனால் எப்படியிருக்கும் என்று நினைப்போம். சட்டகம் நகரவில்லை. 145 அமினோ அமிலமுள்ள சங்கிலி உருவாகிறது, ஆக்சிஜனையும் சுமக்கிறது. சற்று நிலையற்ற புரதம் என்பதால் சிவப்பணுக்கள் கொஞ்சம் சீக்கிரம் உடைகின்றன, அவ்வளவே. எழுத்துகளின் எண்ணிக்கையில் பெரிய பிழை, விளைவில் சிறியது.

எனக்கு மிகவும் வியப்பளிப்பது வேறொன்று. நிறுத்தக் குறி எவ்வளவு தாமதமாக வருகிறதோ அவ்வளவுக்கு நல்லது, புரதம் பெரும்பாலும் முடிந்திருக்குமே என்றுதான் யாருக்கும் தோன்றும். 121-வது இடத்தில் GAA என்பது TAA ஆக மாறியவர்கள் இருக்கிறார்கள். 146-ல் 120 வந்தாயிற்று. ஆனால் அந்த இடம் மரபணுவின் மூன்றாவது, கடைசித் துண்டில் இருக்கிறது. அதைத் தாண்டி ஒட்டிய இடம் எதுவும் இல்லை, ஆகவே அடையாளமும் இல்லை. செல்லுக்குச் சந்தேகமே வருவதில்லை, அந்த ஆர்.என்.ஏ. பிழைத்துக்கொள்கிறது. வால் அறுந்த சங்கிலிகள் ஏராளமாக உற்பத்தியாகி, சரியாக மடியாமல் மஜ்ஜைச் செல்களில் கட்டியாகப் படிகின்றன. நல்ல பிரதி ஒன்று இருந்தும் பயனில்லை. இந்த ஒரு பிரதியே நோயாக்கிவிடும். பதினேழோடு நின்ற மரபணுவைச் சுமப்பவர் வாழ்நாள் முழுதும் அதை அறியாமல் இருக்கலாம். 120 வரை போனதைச் சுமப்பவருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

புரதத்தில் நடப்பது வேறுவேறு என்பதால் பரிசோதனைகளும் வேறுவேறு விதமாகத்தான் இவற்றைப் பிடிக்கின்றன. அரிவாள் ஹீமோகுளோபின் கண்ணுக்குத் தெரியும் சரக்கு. மின்புலத்தில் ஓடவிட்டால் தனிப் பட்டையாக நிற்கும். 1952-ல் ஹெர்மன் லேமனும் மேரி கட்புஷும் நீலகிரி மலைப் பழங்குடியினரின் இரத்தத்தை ஆராய்ந்து, தென்னிந்தியாவிலும் அரிவாள் செல் இருக்கிறது என்று அறிவித்தது டி.என்.ஏ. சோதனை எதுவும் வருமுன்பு. டி.என்.ஏ.வில் பார்ப்பதற்கும் ஒரு நல்ல வழி கிடைத்தது. MstII என்ற நொதி CCTயையும் AGGயையும் நடுவே ஏதாவது ஓரெழுத்தோடு கண்டால் வெட்டும். இயல்பான மரபணுவில் CCTGAGG இருப்பதால் வெட்டுகிறது. A, T ஆகி CCTGTGG ஆனால் அடையாளம் தெரியாமல் விட்டுவிடுகிறது. வெட்டு விழவில்லை என்பதே நோயறிதல்.

தலசீமியாவில் பிடிப்பதற்குத் தவறான புரதமே இருக்காது. சிறுத்த சிவப்பணு, சற்றே ஏறிய ஹீமோகுளோபின் ஏ2 என்று சுற்றிவளைத்துத்தான் ஊகிக்க வேண்டும். ஏ2 பொதுவாக 3.5 சதவீதத்தைத் தாண்டினால் சந்தேகம் வரும். இரும்புச்சத்துக் குறைவிலும் அணுக்கள் சிறுக்கும். போதாததற்கு அது ஏ2 அளவைச் சற்றுக் குறைத்தும் காட்டிவிடும். இரண்டும் சேர்ந்த கர்ப்பிணிகளிடம் பிழை நழுவிப்போவது இப்படித்தான்.

இரண்டு பிழைகளும் ஒரு குழந்தையிடம் சந்திக்கும்போது குழப்பம் உச்சத்துக்குப் போகிறது. தந்தையிடமிருந்து A, T ஆக மாறிய பிரதி, தாயிடமிருந்து G செருகிய பிரதி என்று வைத்துக்கொள்வோம். தாயின் பிரதி எதையும் செய்யாததால் குழந்தையின் பீட்டா சங்கிலியெல்லாம் அரிவாள் சங்கிலியே. பட்டையைப் பார்த்தால் இருபுறமும் அரிவாள் மரபணு பெற்ற குழந்தைக்கும் இதற்கும் வித்தியாசம் தெரியாது. அணுக்கள் சிறுத்திருப்பதும் பெற்றோரின் இரத்த அறிக்கைகளும்தான் முதலில் சந்தேகத்தைக் கிளப்பும். பிறகு மரபணுவை வரிசையாகப் படிக்கும் கருவியிடம் போக வேண்டும். அது ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு வண்ண மேடு வரையும். இரண்டு பிரதிகளையும் ஒன்றாகவே படிப்பதால், இரண்டும் ஒத்துப்போகும்வரை மேடுகள் தனித்தனியாக, தெளிவாக இருக்கும். இந்தக் குழந்தையின் படத்தில் இருபதாவது எழுத்தில் மட்டும் A மேடும் T மேடும் ஒன்றின்மேல் ஒன்று நிற்கும். அடுத்த ஏழு எழுத்துகள் மீண்டும் தெளிவு. இருபத்தெட்டாவதிலிருந்து கடைசிவரை மேடுகள் ஒன்றோடொன்று கலங்கிவிடும்.